பழைய வாடிக்கையாளரை அழைக்கக் காரணம் அவர் பக்கம் இருக்க வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, பல ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் போன ஒரு வாடிக்கையாளரை மறுபடியும் எப்படித் தொடர்பு கொள்வது என்பது. நான் தொலைக்காட்சி அறிவிப்பாளர். வார இறுதியில் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் ஆலய விழாக்களிலும் திருமணங்களிலும் அறிவிப்புச் செய்வதும் உண்டு. அங்கே என்னோடு நிற்பவர்கள் ஒளிப்பதிவாளர்கள், பந்தல் போடுபவர்கள், ஒலிபெருக்கி வைப்பவர்கள், சமையல் குத்தகை எடுப்பவர்கள். இவர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் பழைய வாடிக்கையாளர்களின் எண்கள் நிறைய இருக்கின்றன. "எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?" என்று கேட்பார்கள். கூச்சம் தாங்காமல் போனால் தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படத்தை அனுப்பிவிட்டு, அதைத் தொடர்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வாழ்த்துப் படம் ஏன் வேலை செய்வதில்லை என்று பார்ப்போம். நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஒருவர் நம்மை அழைத்தால், கேட்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, "ஏன் இப்போது?" என்பதுதான். இதற்கு நாம் பதில் சொல்லாவிட்டால் அவரே ஒரு பதிலை வைத்துக்கொள்வார். "கையில் வேலை இல்லை போலிருக்கிறது", "பணம் கேட்கப் போகிறார்", "நேரடி விற்பனையில் சேர்ந்துவிட்டார்" என்று அது இருக்கும். ஆகவே முதல் இரண்டு வரியிலேயே ஏன் இப்போது என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் நம் தேவையாக இல்லாமல், அவருடைய காரியமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைத்தான் இன்று ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கப் போகிறேன்.

அதற்கு முன் ஓர் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லெவின், வால்டர், மர்னிஹான் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்டது. வேலையில் இருக்கும் நிர்வாகிகளிடம், மூன்று ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாமல் விட்டுப்போன பழைய தொடர்புகளை அழைத்து, தற்போது கையில் இருக்கும் ஒரு வேலைக்கு ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். நாள்தோறும் பேசும் ஆட்களிடம் கிடைத்ததைவிடப் புதிய செய்தி பழைய தொடர்புகளிடம் கிடைத்தது. அந்த இடைவெளியில் அவர்கள் வேறு வட்டத்தில் புழங்கியிருந்தார்கள். முன்பு இருந்த நம்பிக்கையும் கரைந்துபோகாமல் இருந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிடவில்லை, ஒரு குறிப்பிட்ட காரியத்தோடு கூப்பிட்டார்கள். இந்த ஆய்வு ஆலோசனை கேட்டதைப் பற்றியது. பொருள் விற்றதைப் பற்றியது அல்ல. ஆகவே, அழைத்தால் வேலை கிடைத்துவிடும் என்பதற்கு இது சான்று ஆகாது. மௌனம் நம்பிக்கையை அழித்துவிடுவதில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

இனி நம் ஊருக்கு வருவோம். சுங்கை சிப்புட் பக்கம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகள் இல்லை. ஆட்கள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். மாரியம்மன் ஆலயம் மட்டும் இருக்கிறது. ஈப்போ ஒளிப்பதிவாளர் ஒருவர் அந்த ஆலயத்தின் கும்பாபிஷேகத்தை 2003லும் 2015லும் படம் பிடித்தார். 2015க்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஆகமப்படி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பதால், அடுத்தது 2027 வாக்கில் வர வேண்டும்.

நம் ஒளிப்பதிவாளருக்கு முதலில் தோன்றும் செய்தி இதுதான்: "வணக்கம் தலைவரே, நலமா? அடுத்த கும்பாபிஷேகம் வருகிறது அல்லவா, நமக்கே வேலை கொடுங்கள்." பன்னிரண்டு ஆண்டு என்பது நல்ல காரணம் போலத் தெரிகிறது. ஆனால் அந்தத் தேதி ஆலயத்துக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரிந்த தேதியையே அவருக்கு நினைவூட்டி, அதில் நம் பங்கைக் கேட்கிறோம். தேதி அவருடையது என்றாலும் தேவை நம்முடையதாகிவிடுகிறது.

அவரிடம் இதைவிட நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. அது அவர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. 2003இல் படம் எடுத்தது மினி டிவி என்ற சின்ன ஒளிநாடாவில். ஒரு நாடா ஒரு மணி நேரம். பதினொரு நாடாக்கள் என்று வைத்துக்கொள்வோம். 2015இல் எடுத்தது நினைவட்டையில். பிறகு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்தார். ஆலயத்துக்குக் கொடுத்தது வெட்டிச் சுருக்கிய டிவிடி. அந்த டிவிடியை இன்று போட்டுப் பார்க்க முதலில் வீட்டில் கருவி இருக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தத் தட்டுகளில் எத்தனை இன்னும் ஓடும் என்பதும் சந்தேகம். நாடாவின் நிலை இன்னும் மோசம். நாடாவும் கெடுகிறது, அதை ஓட்டும் கருவியும் அருகி வருகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015ஆம் ஆண்டே ஓர் எச்சரிக்கை விட்டது: 2025க்குள் கணினிக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும் என்று. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

அந்த நாடாக்களில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய ஆலயக் கட்டடம், இடிக்கப்படும் முன் இருந்த லயத்து வீடுகள், தீர்த்தக் குடம் சுமந்து போகும் ஆட்கள். அவர்களில் சிலர் இன்று இல்லை. இவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. இதுதான் காரணம். இது ஆலயத்தின் பொருள், கெட்டுப்போகும் பொருள், இப்போதே செய்ய வேண்டிய காரியம். ஏன் இப்போது என்ற கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது.

இங்கே ஒரு தூண்டில் இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்ளக்கூடாது. "உங்கள் பழைய படம் என்னிடம் இருக்கிறது, ஐந்நூறு வெள்ளி கொடுத்தால் தருகிறேன்" என்று சொல்லத் தோன்றும். சொன்ன மாத்திரத்தில் அது காரணமாக இல்லாமல் பிணைத்தொகையாக ஆகிவிடும். சட்டமும் நம் பக்கம் இல்லை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் பணி கொடுத்துச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணி கொடுத்தவருக்கே போய்விடும். ஒளிப்பதிவாளரிடம் இருப்பது ஆலயம் கேட்டு எடுக்கச் சொன்ன படம். தனி ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை என்றால், இதை ஆலயத்துக்குச் சேர வேண்டிய பொருளாகவே நினைத்துக்கொண்டு போவது நல்லது.

சரி, வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். செய்தி அனுப்பும் முன் நாடாவை மாற்றி முடித்துவிட வேண்டும். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆக வேண்டும். வேகமாக ஓட்ட வழியில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 கிகாபைட் ஆகும். பதினொரு நாடாவுக்கு ஏறக்குறைய 143 கிகாபைட். ஓடும் கேமராவும் ஃபயர்வயர் இணைப்பு உள்ள கணினியும் வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்தால் ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். படத்தில் சதுரம் சதுரமாகச் சிதைவு வந்தால் கேமராவின் தலைப்பகுதியைத் துடைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் சில நாடாக்கள் தேறாமல் போகலாம். இதையெல்லாம் முடிக்காமல் "படம் தருகிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு இரண்டு நாடா தேறவில்லை என்றால், நல்ல எண்ணத்தோடு தொடங்கியது மன்னிப்புக் கேட்பதில் போய் முடியும்.

அடுத்து, ஏன் மௌனம் வந்தது என்று பழைய கணக்கைப் புரட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில், 2015ஆம் ஆண்டுக் கட்டணத்தில் 300 வெள்ளி பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் விஷயம் புரிகிறது. பணம் கொடுக்க முடியாதவர் முகம் காட்டக் கூசுவார். அந்தக் கூச்சமே மௌனமாகிவிடும். இவர் அழைத்தால் அவர் "பாக்கிக்குத்தான் வருகிறார்" என்று நினைப்பார். ஆகவே இதை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போடும் காலவரம்பு ஆறு ஆண்டு. 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டுப் பாக்கிக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இனி அது வராது என்று மனத்தளவில் தள்ளிவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். செய்தியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "பாக்கியை மறந்துவிட்டேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னாலும் அது நினைவூட்டல்தான். அவர்களாக எடுத்துச் சொன்னால், "அது பழைய கதை, விடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

அப்புறம், யாருக்கு அனுப்புவது? 2015இல் இருந்த தலைவர் இன்று தலைவராக இருக்க வேண்டும் என்று இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. பழைய முன்கட்டண எண் வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கலாம். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆலயத்துக்கே போய்விடுவது நல்லது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் அரை மணி, முக்கால் மணி தூரம்தான். பூசாரியிடமோ, விளக்கேற்ற வந்த அம்மாவிடமோ, "இப்போது நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். போனால் இன்னொன்றும் கண்ணால் பார்க்கலாம்: ஆலயம் அதே இடத்தில் இருக்கிறதா, பாலாலயம் செய்து திருப்பணி தொடங்கிவிட்டதா என்று. பணம் சேராமலோ, நில விவகாரத்தாலோ கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டைத் தாண்டித் தள்ளிப்போவது நம் தோட்டத்து ஆலயங்களில் புதிதல்ல. சில இடங்களில் முன்னதாகவே நடத்தியும் இருப்பார்கள். நடந்து முடிந்த விழாவுக்கு "வரப்போகிறதே" என்று எழுதினால், நாம் அவர்களை எட்டியும் பார்க்கவில்லை என்பதை நாமே சொன்னதாகிவிடும்.

இப்போது செய்தியை எழுதலாம். புதிய தலைவருக்கு, அவருடைய தனி எண்ணுக்கு. ஆலயத்தின் வாட்சாப் குழுவில் போடக்கூடாது. குழுவில் போட்டால் நாற்பது பேர் முன்னிலையில் அவர் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் தலைவர் ஐயா. நான் ஈப்போவில் இருக்கும் ஒளிப்பதிவாளர். நம் ஆலயத்தின் 2003, 2015 கும்பாபிஷேகங்களைப் படம் எடுத்தது நான்தான். பூசாரி ஐயா உங்கள் எண்ணைக் கொடுத்தார். 2003ஆம் ஆண்டு நாடாக்கள் கெட்டுவிடும் நிலையில் இருந்ததால், எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டேன். பதினொன்றில் ஒன்பது நன்றாக வந்திருக்கின்றன. 2015ஆம் ஆண்டு முழுப் பதிவும் இருக்கிறது. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஆலயத்திடம் ஒப்படைக்க விரும்புகிறேன். கட்டணம் இல்லை. வரும் ஞாயிறு காலை வந்தால் யாரிடம் கொடுக்கலாம்?"

இதில் இருப்பதையும் இல்லாததையும் பாருங்கள். நான் யார், எண் எப்படிக் கிடைத்தது, ஏன் இப்போது, என்ன தருகிறேன், என்ன விலை, அவர் என்ன செய்ய வேண்டும் என்பவை இருக்கின்றன. அவர் செய்ய வேண்டியது ஒரு பெயரைச் சொல்வது மட்டுமே. தேறாத இரண்டு நாடாவையும் மறைக்கவில்லை. இத்தனை நாள் தொடர்பு கொள்ளாததற்கு நீண்ட விளக்கமோ வருத்தமோ இல்லை. அது அவர் மேல் ஒரு சுமையைத்தான் ஏற்றும். 2027 பற்றி ஒரு சொல் இல்லை. கட்டண அட்டை இல்லை, ஃபேஸ்புக் முகவரி இல்லை.

அப்படியானால் இது சூழ்ச்சி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வேலை வேண்டும் என்ற எண்ணம் உள்ளே இருக்கிறதே? இருக்கிறது; அதில் தவறு இல்லை. இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இந்த ஆலயம் எனக்கு இனி ஒருபோதும் வேலை கொடுக்காது என்று உறுதியாகத் தெரிந்தாலும் இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் அது உண்மையான காரணம். கொடுக்கமாட்டேன் என்றால் அது காரணம் போல வேடமிட்ட விளம்பரம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் ஆட்கள் அந்த வேடத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒப்படைக்கும் நாளில் நேர்முகமாக ஒரு வரி சொல்லலாம்: "நான் இன்னும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தலைவரே." அதோடு நிறுத்திவிட வேண்டும். மற்றதை அந்தப் படமே பேசும். பழைய நிர்வாகத்தினர் உட்கார்ந்து, "இது யாரு, இது நம்ம கங்காணி வீட்டு அம்மா இல்ல?" என்று பார்க்கும்போது, நல்ல படத்தின் அருமை விளம்பரம் இல்லாமலே தெரிந்துவிடும்.

அவர்களே விலை கேட்டால் 2015ஆம் ஆண்டு விலையைச் சொல்லிவிடக் கூடாது. அன்று சொன்ன விலை இன்றைய செலவுக்குக் கட்டாது. குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு ஏற்றினால் மறுபடியும் மனக்கசப்புத்தான். எத்தனை நாள் யாகசாலை, எத்தனை கேமரா, நேரலை வேண்டுமா, மண்டலாபிஷேக நிறைவு நாளும் சேர்த்தா என்று கேட்டுக்கொண்டு, ஒரு வாரத்தில் எழுத்து மூலம் தருவதாகச் சொல்வதே சரி.

பதில் வராவிட்டால்? "நன்றி, பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று வந்து, பிறகு ஒன்றும் வராமல் போவது அடிக்கடி நடக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கை ஆலய அலுவலகத்தில் கொடுத்து, யார் பெற்றுக்கொண்டார் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். மூன்றாவது செய்தி கிடையாது. நம் நாட்டில் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விளம்பரத்துக்காகத் தம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் எழுத்து மூலம் சொன்னால் நிறுத்தியாக வேண்டும். ஆனால் ஒருவர் அப்படி எழுதும் வரை காத்திருப்பது நமக்கு மரியாதை அல்ல.

இது ஒளிப்பதிவாளருக்கு மட்டும் பொருந்துமா என்று அவைத் தலைவர் கேட்கப் போகிறார் என்று தெரிகிறது. லிட்டில் இந்தியா பக்கம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 வெள்ளியாக உயர்த்தியது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அது 2025 பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் ஆகஸ்டு முதல் தேதி. நான்கு வேலையாட்கள் உள்ள ஒரு பழைய வாடிக்கையாளருக்குப் பிப்ரவரியில் "உடனே சம்பளத்தை ஏற்றுங்கள்" என்று எழுதியிருந்தால், அது தவறான செய்தி. அவரைப் பற்றி எதுவும் தெரியாமல் எல்லாருக்கும் அனுப்பியது என்பது விளங்கிவிடும். அதே ஆளுக்கு ஜூலையில், "உங்கள் கடையில் நால்வர்தான் என்பதால் உங்களுக்கு அடுத்த மாதம்தான் தொடங்குகிறது, ஆகஸ்டுச் சம்பளத்தில் மட்டும் மாற்றினால் போதும்" என்று எழுதியிருந்தால், அதைப் படித்தவர் போனை எடுத்திருப்பார். சட்டம் ஒன்றுதான். அந்தக் கடையின் ஆள் கணக்கைப் பார்த்து எழுதியதுதான் வேறுபாடு.

ஆகவே வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே செய்தியை எழுத உட்காராதீர்கள். ஒரு பெயரை எடுங்கள். அவருக்காகச் செய்த வேலையில் இன்னும் உங்கள் கையில் என்ன தங்கியிருக்கிறது, அல்லது அவருடைய காரியத்தில் இந்த மாதம் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் தென்படவில்லை என்றால் அந்தப் பெயரை இப்போதைக்கு விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். அலமாரியில் நாடா வைத்திருப்பவர்கள் மட்டும் அந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். யாருக்கும் செய்தி அனுப்புகிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே ஒரு நாடாவை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.